வீட்டில் திறக்கிறது, பள்ளியில் திறக்கவில்லை: ஸ்லைடுகளில் லிங்க் போடும் முறை

"ஐயா, எட்டாம் வகுப்புக்கு வேலூர்ப் புரட்சி பாடத்தை பவர்பாயின்ட்டில் 24 ஸ்லைடுகளாகச் செய்திருக்கிறேன். கோட்டை வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் அதற்கான ஸ்லைடு வரும். நடுவில் ஒரு பி.டி.எஃப்., இரண்டு இணையப் பக்கங்கள். வீட்டில் எல்லாம் சரியாகத் திறக்கிறது. பள்ளிக் கணினியில் பி.டி.எஃப். திறக்கவே இல்லை. குடியாத்தத்தில் இருக்கும் தோழிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன், அவருக்கும் பாதி லிங்க் வேலை செய்யவில்லையாம். எங்கே தவறு செய்தேன்?"

பெரும்பாலும் தவறு நடந்தது நீங்கள் லிங்க் போட்ட இடத்தில் இல்லை, போட்ட நேரத்தில். லிங்க் என்பது எந்தப் பொருளையும் சுமந்து செல்வதில்லை. அது ஒரு முகவரிச் சீட்டு, அவ்வளவுதான். உங்கள் ஃபைலுக்குள் மூன்று வகைச் சீட்டுகள் இருக்கின்றன: அதே ஃபைலில் உள்ள இன்னொரு ஸ்லைடுக்கு, உங்கள் கணினியில் உள்ள பி.டி.எஃப்.புக்கு, இணையப் பக்கத்துக்கு. மூன்றும் வெவ்வேறு விதமாகப் பழுதாகின்றன. ஸ்லைடுக்குப் போகும் லிங்க் ஃபைலை அனுப்புவதால் பழுதாவது அரிது. உங்களைக் கவிழ்த்தது நடுவில் உள்ள பி.டி.எஃப்.தான். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒருவர் வீட்டுக்கு வழி சொல்ல இரண்டு முறை உண்டு. "காட்பாடி, இன்ன தெரு, 14ஆம் எண்" என்பது ஒன்று. "எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு" என்பது மற்றொன்று. இரண்டு குடும்பங்களும் சேர்ந்து ஆம்பூருக்குக் குடிபோய் அங்கேயும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால் இரண்டாவது வழி அப்போதும் பொருந்தும், முதலாவது பொருந்தாது. கணினியிலும் இதே கதைதான். பி.டி.எஃப். ஃபைலுக்கு லிங்க் போடும்போது பவர்பாயின்ட் சில நேரம் முழு முகவரியை எழுதிக்கொள்கிறது, சில நேரம் "பக்கத்தில் இருக்கிறது" என்று மட்டும் எழுதிக்கொள்கிறது. எதை எழுதும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒரு விஷயம்: லிங்க் போடும் அந்த நொடியில் உங்கள் ஸ்லைடு ஃபைல் ஏற்கெனவே சேமிக்கப்பட்டு, பி.டி.எஃப்.பும் அதே ஃபோல்டரில் இருந்ததா என்பது.

புது ஃபைலைத் திறந்து, சேமிக்காமலேயே வேலையைத் தொடங்கி, டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் பி.டி.எஃப்.புக்கு லிங்க் போட்டுவிட்டு, கடைசியில் ஸ்லைடு ஃபைலை டெஸ்க்டாப்பில் சேமிப்பவர்கள்தான் அதிகம். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது உள்ளே எழுதப்படுவது கீழே உள்ள இரண்டு வரிகளில் முதலாவதைப் போன்ற ஒன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது:

```
Target="file:///D:\Lessons\map.pdf"
Target="map.pdf"
```

முதல் வரி உங்கள் வீட்டுக் கணினியின் D: டிரைவைத் தேடுகிறது. பள்ளிக் கணினியில் அப்படியொரு ஃபோல்டர் இல்லை. பென்டிரைவில் வைத்தே லிங்க் போட்டாலும் இதே ஆபத்து உண்டு, ஏனென்றால் வீட்டில் E: ஆக இருந்த பென்டிரைவ் பள்ளியில் F: ஆகிவிடலாம். இரண்டாவது வரி, ஸ்லைடு ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கேயே `map.pdf` என்ற பெயரைத் தேடுகிறது. இரண்டையும் சேர்த்து எங்கே கொண்டுபோனாலும் கிடைத்துவிடும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒரு ஃபோல்டர், உதாரணமாக `fort8`. அதில் ஸ்லைடு ஃபைலை, இன்னும் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும், `fort8.pptx` என்று சேமித்துவிடுங்கள். பி.டி.எஃப்.பை அதே ஃபோல்டருக்குள் நகலெடுத்து வையுங்கள். அதன்பிறகுதான் Insert, Link. விசைப்பலகையில் Ctrl+K. Existing File or Web Page என்பதில் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் நகலைத் தேர்ந்தெடுங்கள், டவுன்லோடில் கிடக்கும் மூலத்தை அல்ல. ஏற்கெனவே போட்ட லிங்க்கைத் திருத்துவதும் இப்படியே: வலது கிளிக், Edit Link, பழையதை நீக்கி ஃபோல்டரில் உள்ளதைக் காட்டுங்கள்.

சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். Edit Link பெட்டியின் அடியில் Address என்ற கட்டம் இருக்கிறது. அதில் `map.pdf` என்று மட்டும் இருந்தால் நல்லது. `C:\Users` அல்லது `file:///` என்று தொடங்கினால் அது உங்கள் வீட்டை விட்டு வெளியே வராத லிங்க். இன்னொரு விசித்திரத்தையும் காணலாம்: டெஸ்க்டாப் ஃபோல்டர் ஒன்டிரைவுடன் இணைந்திருந்தால் முகவரி `https://d.docs.live.net` என்று மாறி நிற்கும். பார்க்க இணைய முகவரி போலவே இருப்பதால் நாம் நம்பிவிடுவோம். அது உங்கள் சொந்த ஒன்டிரைவ். தோழி அதைத் தொட்டால் உங்கள் கணக்கின் கதவு பூட்டியிருக்கும். அதனால் இந்த மாதிரி வேலைக்கு ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு ஃபோல்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களில் ஒரு கவனம். ஃபைல் பெயரில் `#` வந்தால் பவர்பாயின்ட் அதற்கு முன்னால் உள்ளதை மட்டுமே ஃபைல் பெயர் என்று எடுத்துக்கொண்டு தடுமாறும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் ஜிப்பாக்கி அனுப்பி வேறு கணினியில் பிரிக்கும்போது எழுத்துகள் சில நேரம் கட்டம் கட்டமாகச் சிதைகின்றன. பெயர் சிதைந்தால் லிங்க் தேடும் பெயர் அங்கே இல்லை. சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். சிறிய எழுத்து என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. சில பள்ளிக் கணினிகளில் பாஸ் லினக்ஸ் ஓடுகிறது. விண்டோஸுக்கு `Map.PDF`, `map.pdf` இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஃபைல்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தோழிக்கு வாட்ஸ்ஆப்பில் `fort8.pptx` ஒன்றை மட்டும் அனுப்பினால் பயன் இல்லை. "பக்கத்து வீடு" என்று சீட்டு எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டை இங்கேயே விட்டுவிட்டது போல. ஃபோல்டரை வலது கிளிக் செய்து ஜிப்பாக்கி, அந்த ஜிப்பை அனுப்புங்கள். அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லுங்கள்: ஜிப்பை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே தெரியும் ஸ்லைடு ஃபைலை அப்படியே திறக்கக் கூடாது. அப்படித் திறந்தால் விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் போட்டுத் திறக்கிறது, பி.டி.எஃப். கூட வருவதில்லை. Extract All கொடுத்து முழுவதையும் பிரித்த பிறகே திறக்க வேண்டும். "ஃபோல்டரோடுதான் அனுப்பினேன், ஆனாலும் திறக்கவில்லை" என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்தால் Enable Editing அழுத்தச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வந்த ஃபைல் என்பதால் வரும் எச்சரிக்கை அது. பி.டி.எஃப்.பைத் தொடும்போதும் பாதுகாப்பு பற்றி ஒரு கேள்வி கேட்கக்கூடும். அனுப்பியது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரிந்தால் சம்மதம் கொடுக்கலாம்.

இனி என் சொந்தக் கருத்து. உங்கள் பாடத்தில் அந்தப் பி.டி.எஃப். எத்தனை பக்கம்? ஒன்றோ இரண்டோ என்றால் லிங்க்கே வேண்டாம். அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து ஒரு ஸ்லைடாக்கி, இடது பக்கப் பட்டியலில் அதை வலது கிளிக் செய்து Hide Slide கொடுங்கள். மறைத்த ஸ்லைடு பாடத்தை வரிசையாக ஓட்டும்போது வராது. ஆனால் லிங்க் வைத்துத் தொட்டால் வரும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் பி.டி.எஃப்.புக்கு லிங்க் போடுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டேன். வெளியே ஃபைல் இல்லையென்றால் தொலைவதற்கும் ஒன்றும் இல்லை. வாட்ஸ்ஆப்பில் ஒற்றை ஃபைலாகவே அனுப்பலாம். வகுப்பில் உள்ள பெரிய தொடுதிரை ஆண்ட்ராய்டில் ஓடுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவற்றில் உள்ள ஸ்லைடு செயலிகள் பக்கத்து ஃபைலைத் தேடிப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது கோட்டை வரைபடம். இதுதான் உங்கள் பாடத்தின் உயிர், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2ஆம் ஸ்லைடில் வரைபடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் திப்பு மகால், ஜலகண்டேஸ்வரர் கோயில், அகழி, கோட்டைக்கு வெளியே ஆற்காடு நோக்கிப் போகும் சாலை என்று தொடும் இடங்கள். படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் லிங்க் போட முடியாது, அதனால் அந்த இடத்தின் மேல் ஒரு செவ்வகம் வரைந்து, செவ்வகத்துக்கு லிங்க் போட வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. செவ்வகம் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக எல்லோரும் No Fill கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் அதன் உள்பகுதி வெறும் வெளி, தொட்டால் ஒன்றும் நடக்காது, விளிம்பில் பட்டால்தான் உண்டு. நிறம் ஒன்றைக் கொடுத்து, Transparency என்பதை 100 ஆக்குங்கள், விளிம்புக்கு மட்டும் No Line. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் இது முழுப் பரப்பிலும் தொடுதலை வாங்கிக்கொள்ளும். எழுத்துள்ள பொத்தானாக இருந்தாலும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து லிங்க் போடாமல், பொத்தானின் விளிம்பைத் தொட்டு முழு வடிவத்தையும் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். எழுத்துக்குப் போட்டால் அடிக்கோடும் நீல நிறமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். குழந்தைகளின் விரலும் எழுத்தின் மேலேயே துல்லியமாகப் பட வேண்டியிருக்கும்.

செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து Ctrl+K, பிறகு Place in This Document. ஸ்லைடுகளின் பட்டியல் வரும். "9. ஆற்காட்டிலிருந்து வந்த படை" என்று எண்ணோடு காட்டுவதால், பின்னால் ஸ்லைடுகளை முன்பின் நகர்த்தினால் லிங்க் தவறிவிடுமோ என்று பயப்படுவார்கள். தவறாது. எண் நமக்காகக் காட்டப்படுவது. உள்ளே லிங்க் அந்த ஸ்லைடையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 9ஆவதை 17ஆவது இடத்துக்கு இழுத்தாலும் அதுவே திறக்கும். ஸ்லைடை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தால்தான் அறும், பெயர் ஒன்றாகவே இருந்தாலும்கூட. அதனால் ஸ்லைடைத் திருத்துங்கள், அழித்துவிட்டு மறுபடி செய்யாதீர்கள். அதுபோல, தோழி உங்கள் 2ஆம் ஸ்லைடை மட்டும் நகலெடுத்துத் தன் ஃபைலில் ஒட்டினால் வரைபடம் போகும், லிங்க் போய்ச் சேர வேண்டிய ஸ்லைடுகள் அங்கே இருக்காது. முழு ஃபைலையும் வாங்கி, வேண்டாததை நீக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போவதற்கு வழி செய்தால் போதாது, திரும்பவும் வழி வேண்டும். ஒவ்வொரு ஸ்லைடிலும் "வரைபடம்" என்று ஒரு பொத்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். View, Slide Master போய், இடதுபக்கம் மேலே உள்ள பெரிய ஸ்லைடில் ஒரே ஒரு பொத்தான் போட்டு 2ஆம் ஸ்லைடுக்கு லிங்க் கொடுங்கள். எல்லா ஸ்லைடிலும் அது வந்துவிடும்.

ஆனால் உங்கள் பாடத்தில் ஒரு சிக்கலான ஸ்லைடு இருக்கும் என்று ஊகிக்கிறேன்: புதிய தலைப்பாகை உத்தரவு. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியலில் நடந்ததற்குப் பின்னணி அதுதான் என்பதால், திப்பு மகாலிலிருந்தும் அந்த ஸ்லைடுக்கு வர வேண்டியிருக்கும், சிப்பாய்களின் ஸ்லைடிலிருந்தும் வர வேண்டியிருக்கும். திரும்பும்போது எங்கிருந்து வந்தோமோ அங்கே போக வேண்டும். இதற்கு Link பயன்படாது, அதன் பக்கத்தில் உள்ள Action பயன்படும். பொத்தானைத் தேர்ந்தெடுத்து Insert, Action, Hyperlink to என்ற பட்டியலில் Last Slide Viewed கொடுங்கள். வந்த வழியே திரும்பும். கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த ஸ்லைடிலிருந்து வந்திருந்தாலும் அங்கேயே போய் நிற்கும். ஒரே குறை, கூகுள் ஸ்லைட்ஸில் இந்த வசதி இல்லை. தோழி அதில் திறப்பவர் என்றால், தலைப்பாகை ஸ்லைடை இரண்டு பிரதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் நேரடியான திரும்பும் லிங்க் கொடுப்பதே பாதுகாப்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் ஒரு மாணவன் செவ்வகத்தைத் தவறவிட்டு வெற்றிடத்தைத் தொட்டால் பவர்பாயின்ட் அதை "அடுத்த ஸ்லைடு" என்று எடுத்துக்கொள்ளும். வகுப்பில் நாம் "லிங்க் தவறான இடத்துக்குப் போகிறது" என்று நினைப்பதில் பாதி இதுதான். வரைபட ஸ்லைடில் Transitions பகுதியில் On Mouse Click என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அம்புக்குறி விசையும் கையில் பிடிக்கும் ரிமோட்டும் வேலை செய்யும், ஆகவே உங்கள் கட்டுப்பாடு போய்விடாது. மறைத்த ஸ்லைடுகளிலும் இதைச் செய்துவிடுங்கள், பொத்தான் வழியாக மட்டும் வெளியே வரும்படி.

இணையப் பக்கங்கள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முகவரியை `https://` உடன் முழுவதுமாக ஒட்டுங்கள். `diksha.gov.in` என்று மட்டும் தட்டச்சு செய்தால் அதை உங்கள் ஃபோல்டரில் உள்ள ஒரு ஃபைல் பெயர் என்று பவர்பாயின்ட் நினைத்துக்கொள்ளக்கூடும். தமிழ் விக்கிப்பீடியா முகவரியை நகலெடுத்தால் `%E0%AE` என்று ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது எழுத்தாக நீண்டுகொண்டே போகும். பழுது ஒன்றும் இல்லை, ஆனால் கையால் எழுதிக்கொள்ள முடியாது. விக்கிப்பீடியாவிலேயே கருவிகள் பட்டியலில் `w.wiki` என்று தொடங்கும் குறுமுகவரி கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள். கூகுள் டிரைவில் உங்கள் ஃபைலுக்கு லிங்க் என்றால், பகிரும் பெட்டியில் Anyone with the link இருக்கிறதா என்று பார்த்து, பிறகு உலாவியின் Incognito சாளரத்தில் அதைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் நுழைந்தே இருப்பதால் உங்களுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கூகுள் ஸ்லைட்ஸில் அடிக்கடி ஒரு பிழையைப் பார்க்கிறேன். சிலர் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து ஒரு ஸ்லைடின் முகவரியை அப்படியே நகலெடுத்து லிங்க்காக ஒட்டுகிறார்கள். அது அப்போது சரியாகவே வேலை செய்யும். ஆனால் அந்த முகவரிக்குள் அந்த ஃபைலின் அடையாளம் இருக்கிறது. தோழி தன் கணக்கில் பிரதி எடுத்தால் அது புது ஃபைல், புது அடையாளம், லிங்க் மட்டும் இன்னும் உங்கள் ஃபைலைத்தான் திறக்கும். நீங்கள் பின்னால் உங்கள் ஃபைலை அழித்துவிட்டால் அவருடைய பாடம் அறுந்து போகும், இருவருக்கும் காரணம் புரியாது. அங்கேயும் Ctrl+K கொடுத்து, Slides in this presentation என்பதிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

இணையம் இல்லாத நாளுக்கு இரண்டு பக்கங்களின் முக்கியப் பகுதியையும் படமாக எடுத்து மறைத்த ஸ்லைடாக வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் அந்தப் படத்துக்குப் போகட்டும், படத்தின் மூலையில் சிறியதாக இணைய லிங்க் இருக்கட்டும். நெட் இருந்தால் தொடலாம், இல்லாவிட்டால் பாடம் நிற்காது.

பி.டி.எஃப்.பாக மாற்றி அனுப்பினால் தொல்லை தீருமே என்று கேட்பார்கள். மாற்றும் விதத்தைப் பொறுத்தது. File, Save As போய் PDF என்று சேமித்தால் இணைய லிங்க்குகள் உயிரோடு இருக்கும். அச்சிடும் பெட்டியில் Microsoft Print to PDF தேர்ந்தெடுத்தால் எல்லா லிங்க்கும் செத்துப் போகும், ஏனென்றால் அது தாளில் அச்சிடுவது போலத்தான். Last Slide Viewed போன்றவை எந்தப் பி.டி.எஃப்.பிலும் வரும் என்று நம்பாதீர்கள். வரைபடம் தொட்டுப் போகும் பாடத்துக்கு `.pptx` ஆகவே இருக்கட்டும்.

கடைசியாகச் சோதனை. பல ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். வீட்டில் பென்டிரைவிலிருந்து மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அங்கே போனதும் ஒரு லிங்க்கும் திறக்கவில்லை. பென்டிரைவில் இருந்த ஸ்லைடு ஃபைல், வீட்டில் சோதிக்கும்போதெல்லாம் என் கணினியின் D: டிரைவில் இருந்த மூலத்தைத்தான் திறந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஃபோல்டரைப் பென்டிரைவுக்கு நகலெடுத்த பிறகு, கணினியில் உள்ள மூல ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடுவேன். `fort8` என்பதை `xfort8` ஆக்குவேன். டவுன்லோடில் உள்ள பி.டி.எஃப்.பின் பெயரையும் மாற்றுவேன். வைஃபையையும் அணைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து திறந்து F5 அழுத்தி, ஒவ்வொரு செவ்வகத்தையும் தொடுவேன். முழு முகவரி எழுதிய லிங்க் ஏதாவது ஒளிந்திருந்தால் அங்கேயே விழுந்துவிடும்.

உங்களுக்கு 24 ஸ்லைடுகளுக்கும் இது பத்து நிமிட வேலை. திறக்காத லிங்க் எதுவென்று தெரிந்தால் அதன் Address கட்டத்தில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.